65 ஆண்டு ஞாபகம்

தச்சர் வந்த கப்பல்

வட அட்லாண்டிக் கடலில், ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே, ஃபாரோ தீவுகள் இருக்கின்றன. 1846இல் அங்கே ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்தார்கள். மீன் பிடிப்பார்கள், ஆடு வளர்ப்பார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்திலிருந்து ஒரு மரத்தச்சர் கப்பலில் வந்து இறங்கினார். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு அவர் தட்டம்மை வந்த சிலரைப் போய்ப் பார்த்திருந்தார். கப்பல் ஏறும்போது நன்றாகத்தான் இருந்தார். தீவுக்கு வந்த பிறகு அவருக்கும் தட்டம்மை வந்தது. அடுத்து அவருடைய நெருங்கிய நண்பர்கள் இருவருக்கு வந்தது. சில மாதங்களில், அந்த 7,800 பேரில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

தட்டம்மை என்பது நம் ஊர்களில் மணல்வாரி என்று சொல்லும் அம்மைதான். இலங்கையில் சின்னமுத்து என்பார்கள். காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகல், சிவந்த கண்கள், அப்புறம் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. இது ஒரு வைரஸால் வருகிறது.

டென்மார்க் அரசு அந்தத் தீவுகளுக்கு இரண்டு இளம் மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர் பீட்டர் பானும். வயது 25. அவர் படகில் ஊர் ஊராகப் போனார். வீடு வீடாக ஏறி, யாருக்கு எந்தத் தேதியில் தடிப்பு வந்தது, அதற்கு முன் அவர் யாரைச் சந்தித்தார் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்போது வைரஸ் என்ற ஒன்று இருப்பதே உலகத்தில் யாருக்கும் தெரியாது. நோயைப் புரிந்துகொள்ள பானும் கையில் இருந்தவை தேதிகள் மட்டுமே.

அப்படி எழுதிக்கொண்டு போனபோது அவர் ஓர் ஆச்சரியத்தைக் கண்டார். அந்தத் தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781இல். அந்த ஆண்டு சிறுவயதில் தட்டம்மை வந்து பிழைத்தவர்கள் 1846இல் தாத்தா பாட்டிகளாக இருந்தார்கள். அப்படிப்பட்ட 98 முதியவர்களை பானும் நேரில் பார்த்தார். ஊரே படுத்திருந்தது. ஆனால் அந்த 98 பேரில் ஒருவருக்குக்கூட தட்டம்மை வரவில்லை!

வயதானதால் வரவில்லையோ என்று நீங்கள் கேட்கலாம். பானுமும் அதை யோசித்தார். ஆனால் 1781இல் தப்பித்துக்கொண்ட மற்ற முதியவர்களுக்கு இப்போது நோய் வந்திருந்தது. ஆகவே வயது காரணமல்ல. அந்த 98 பேரின் உடம்பும், 65 ஆண்டுக்கு முன் ஒரே ஒரு தடவை வந்துபோன ஒன்றை மறக்காமல் வைத்திருந்தது.

தடுப்பூசி செய்வது இதைத்தான். நோய் வராமலே அந்த ஞாபகத்தை உண்டாக்குவது. அது எப்படி முடிகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பதினான்கு நாள்

பானும் எழுதிவைத்த இன்னொரு தேதிக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். சோர்னுவிக் என்ற சிற்றூரிலிருந்து பத்து ஆண்கள் ஒரு படகில் வேறோர் ஊருக்குத் திமிங்கில வேட்டைக்குப் போனார்கள். அது ஜூன் 4ஆம் தேதி. அங்கே பல ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். வேட்டை முடிந்து பத்துப் பேரும் நலமாக வீடு திரும்பினார்கள். ஜூன் 18 அன்று பத்துப் பேருக்கும் உடம்பில் தடிப்பு வந்தது. நோய் தொற்றிய நாளிலிருந்து தடிப்பு வரும் நாள் வரை 14 நாள். அந்த ஊரில் மற்றவர்களுக்கு நோய் வந்தது, இந்தப் பத்துப் பேர் படுத்த பிறகு, ஏறத்தாழ இன்னொரு 14 நாள் கழித்து.

ஒரு பெரிய நகரத்தில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அங்கே யாரை எப்போது சந்தித்தோம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தீவில் ஒரு படகு எந்த நாளில் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சரி, அந்த 14 நாளும் உடம்புக்குள் என்ன நடக்கிறது? வைரஸ் மூச்சோடு உள்ளே போகிறது. அதற்குத் தானாகப் பெருகத் தெரியாது. நம் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லின் பொருள்களைக் கொண்டே தன்னைப் போல இன்னும் பல வைரஸ்களைச் செய்யவைக்கிறது. தட்டம்மை வைரஸ் முதலில் பிடிப்பது, நுரையீரலில் காவலுக்கு இருக்கும் வெள்ளைச் செல்களைத்தான். அவற்றில் ஏறிக்கொண்டு கழுத்திலும் மார்பிலும் இருக்கும் நெறிகளுக்குப் போய்ச் சேருகிறது. சளி பிடித்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது என்று பாட்டி தொட்டுப் பார்ப்பாரே, அந்த நெறிதான். அங்கே பெருகி, ரத்தத்தில் கலந்து, உடம்பெங்கும் பரவுகிறது. பத்தாம் நாள் வாக்கில் காய்ச்சல் தொடங்குகிறது.

அந்தப் பத்து நாளும் உடம்பு சும்மா இருக்கவில்லை. அதுவும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மெதுவாக.

செருப்புக் கடை

ஏன் மெதுவாக? நம் ரத்தத்திலும் நெறிகளிலும் பி செல் என்ற ஒருவகை வெள்ளைச் செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு பி செல்லின் மேலும் சின்னச் சின்னப் பிடிப்பான்கள் உண்டு. ஒரு செல்லின் பிடிப்பான் ஒரு வடிவம், பக்கத்துச் செல்லின் பிடிப்பான் வேறு வடிவம். இந்த வடிவங்கள் எந்தக் கிருமியையும் பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. நீங்கள் பிறப்பதற்கு முன்பே உடம்பு அவற்றைக் கண்டபடி கலைத்துப் போட்டுச் செய்யத் தொடங்கிவிட்டது.

செருப்புக் கடைக்குப் போனால் கடைக்காரர் உங்கள் காலைப் பார்த்த பிறகு செருப்புத் தைப்பதில்லை. எல்லா அளவுகளும் ஏற்கெனவே அடுக்கில் இருக்கின்றன. எது பொருந்துகிறதோ அதை எடுக்கிறார். உடம்பும் அப்படித்தான். தட்டம்மை வைரஸை அதுவரை பார்த்தே இராத குழந்தையின் உடம்பிலும், அந்த வைரஸின் மேற்புறத்தோடு பொருந்தும் பி செல்கள் ஒரு சில இருக்கும். கோடிகளுக்கு நடுவே ஒரு சில. அவற்றில் ஒன்று வைரஸைச் சந்திக்க வேண்டும். டி செல் என்ற இன்னொரு வகைச் செல்லும் அதே வைரஸின் துண்டைப் பார்த்து, ஆமாம், இது வெளியார்தான் என்று உறுதி சொல்ல வேண்டும். இந்தச் சந்திப்பு நடக்கும் இடம் நெறி. அங்கே கூட்டம் கூடுவதால்தான் அது வீங்குகிறது.

உறுதி கிடைத்ததும் பொருந்திய அந்த பி செல் இரண்டாகப் பிரியும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். பல நாள்களில் ஒரு பெரும் குடும்பமே உண்டாகிவிடும். அந்தக் குடும்பத்தில் பல செல்கள் தங்கள் பிடிப்பானை வெளியே உதிர்க்கத் தொடங்கும், ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கில். ரத்தத்தில் மிதக்கும் அந்தப் பிடிப்பான்களுக்குத்தான் எதிர்ப்பொருள் என்று பெயர். மருத்துவர்கள் ஆன்டிபாடி என்பார்கள். அவை வைரஸின் மேல் போய் ஒட்டிக்கொண்டால், வைரஸால் புதிய செல்லுக்குள் நுழைய முடியாது.

ஏற்கெனவே வைரஸ் நுழைந்துவிட்ட செல்களை எதிர்ப்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. அவற்றைத் தேடி அழிப்பவை டி செல்களில் ஒரு வகை. தட்டம்மையில் தோலில் வரும் சிவப்புத் தடிப்பு, வைரஸ் நேரடியாகப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில், வைரஸ் புகுந்த தோல் செல்களை டி செல்கள் அழிக்கும்போது வரும் தடிப்பு. டி செல்கள் மிகக் குறைவாக உள்ள சில நோயாளிகளுக்குத் தட்டம்மை வந்தால் தடிப்பே வராமல் போகலாம். அவர்களுக்குத்தான் அந்த நோய் மிகவும் ஆபத்தானது.

தேடுவதற்கும், உறுதி செய்வதற்கும், பெருகுவதற்கும் ஆகும் காலம் முதல் தடவை பத்துப் பதினான்கு நாள். அதற்குள் வைரஸ் உடம்பெங்கும் பரவிவிடுகிறது. முதல் சந்திப்பில் நாம் பின்தங்குவது இதனால்தான்.

வேலை முடிந்த பிறகு

நோய் தணிந்ததும் அந்தப் பெரும் குடும்பத்தில் பெரும்பாலான செல்கள் இறந்துவிடும். அவ்வளவு பேருக்கும் உடம்பால் சோறு போட முடியாது. ஆனால் இரண்டு வகையினர் மிஞ்சுவார்கள். ஒரு வகை, நினைவுச் செல்கள். இவை அமைதியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதே வைரஸை மறுபடி பார்த்தால் பதினான்கு நாள் எடுக்காது, சில நாள்களிலேயே பெருகிவிடும். இன்னொரு வகை, எலும்பு மஜ்ஜைக்குள் போய்க் குடியேறும். அங்கே இருந்துகொண்டு, வைரஸ் இல்லாத காலத்திலும், கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில்.

ஃபாரோ தீவின் 98 முதியவர்களுக்கு நடந்தது இதுதான். தட்டம்மை வைரஸ் உடம்புக்குள் வந்து பெருகப் பத்து நாள் வேண்டும். அவர்களுடைய உடம்பு அந்தப் பத்து நாளைக் கொடுக்கவில்லை.

எல்லா நோய்க்கும் இவ்வளவு நீண்ட ஞாபகம் கிடைப்பதில்லை. தட்டம்மை வைரஸின் மேற்புறம் மாறுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மாறாமல் இருக்கிறது. அதனால் பழைய எதிர்ப்பொருள் இன்றைக்கும் பொருந்துகிறது. ஃப்ளூ வைரஸ் தன் மேற்புறத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ளும், ஆகவே அதற்கான தடுப்பூசியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. ரணஜன்னி எனப்படும் டெட்டனஸில் வேறு பிரச்சினை. அதற்கு எதிரான எதிர்ப்பொருள் ஆண்டுகள் போகப் போகக் குறைந்துவிடும். அதனால்தான் 10 வயதிலும் 16 வயதிலும் மறுபடி ஊசி போடுகிறார்கள்.

ஒரு சிறுவனிடமிருந்து

இப்போது தடுப்பூசிக்கு வருவோம். 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி விடுதியில் தட்டம்மை பரவியது. ஜான் எண்டர்ஸ் என்ற அறிவியலாளரின் ஆய்வகத்தில் வேலை பார்த்த தாமஸ் பீபிள்ஸ் என்ற மருத்துவர் அந்த விடுதிக்குப் போய், நோய் வந்த மாணவர்களிடம் ரத்தமும் தொண்டையிலிருந்து மாதிரியும் எடுத்துக்கொண்டார். அவர்களில் டேவிட் எட்மன்ஸ்டன் என்ற 13 வயதுச் சிறுவனிடம் எடுத்த மாதிரியில் வைரஸ் பிடிபட்டது. ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் அது வளர்ந்தது.

வைரஸ் கிடைத்துவிட்டது. ஆனால் அதை அப்படியே ஊசியில் ஏற்றினால் தட்டம்மைதான் வரும். அதைப் பலவீனப்படுத்த வேண்டும். அதே சமயம் உடம்பு அதைத் தட்டம்மை வைரஸ் என்று அடையாளம் காணும்படியும் இருக்க வேண்டும். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்?

எண்டர்ஸ் குழுவினர் செய்தது பொறுமையான வேலை. முதலில் மனிதச் சிறுநீரகச் செல்களில் வைரஸை வளர்த்தார்கள். வளர்ந்ததில் கொஞ்சம் எடுத்துப் புதிய குடுவையில் விட்டார்கள். அதில் வளர்ந்ததை இன்னொரு குடுவையில். இப்படிப் பல தடவை. பிறகு வேறு வகை மனிதச் செல்களில் பல தடவை. அதற்குப் பிறகு கோழி முட்டைக் கருவில், கடைசியில் கோழிக்கருவின் செல்களில்.

வைரஸ் தன்னைப் படி எடுக்கும்போது அங்கங்கே பிழை விழும். கோழிச் செல்லில் நன்றாக வளர உதவும் பிழை எந்த வைரஸுக்கு நேர்ந்ததோ, அது மற்றவற்றை முந்திப் பெருகும். அடுத்த குடுவைக்கு அதன் பிள்ளைகளே அதிகமாகப் போகும். இப்படியே போகப் போக, மிஞ்சும் வைரஸ் கோழிச் செல்லில் வாழப் பழகி, மனித உடம்பில் பரவும் திறமையைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. ஆனால் அதன் மேற்புறம், அதாவது நம் எதிர்ப்பொருள் பிடிக்கும் பகுதி, அப்படியே இருக்கிறது. 1963இல் அமெரிக்காவில் இந்தத் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது.

அந்த முதல் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகள் பலருக்கு நல்ல காய்ச்சலும் தடிப்பும் வந்தன. வைரஸ் இன்னும் போதிய அளவு பலவீனமாகவில்லை. மாரிஸ் ஹில்மன் என்ற அறிவியலாளர், உடம்பு வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பநிலையில் அதை மேலும் பல தடவை கோழிச் செல்களில் வளர்த்தார். அந்த மென்மையான வகை 1968இல் வந்தது.

இந்தியாவில் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் போடும் தட்டம்மைத் தடுப்பூசியில் உள்ள வைரஸின் பெயர் எட்மன்ஸ்டன்-சாக்ரெப். குரோஷியாவின் சாக்ரெப் நகரத்தில் மேலும் வளர்த்துப் பக்குவப்படுத்தப்பட்டதால் அந்தப் பெயர். அந்த விடுதிச் சிறுவனிடமிருந்து வந்த வைரஸின் வாரிசு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியிலும் இருக்கிறது.

ஏழாம் நாள் காய்ச்சல்

ஊசி போட்ட அன்று குழந்தைக்கு ஒன்றும் இருக்காது. கையில் கொஞ்சம் வலி, அவ்வளவுதான். ஆனால் ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், சிலருக்கு லேசான தடிப்பும் வரும். ஓரிரு நாளில் போய்விடும். அன்றைக்கே வராமல் ஏன் ஒரு வாரம் கழித்து வருகிறது? பதினான்கு நாள் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஊசியில் போன பலவீனமான வைரஸ் உடம்பில் கொஞ்சம் பெருகுகிறது. நெறியில் பொருந்தும் பி செல்லும் டி செல்லும் அதைக் கண்டு பெருகுகின்றன. அந்த வேலை உச்சத்துக்கு வரும் நேரம்தான் அந்தக் காய்ச்சல். காய்ச்சல் வராத குழந்தைக்கும் இதே வேலை நடந்திருக்கும்.

இந்தக் காய்ச்சலின்போது சில குழந்தைகளுக்கு அரிதாக வலிப்பு வருவதுண்டு. மிக மிக அரிதாக, பத்து லட்சம் ஊசியில் ஒன்று என்ற அளவில், ஊசி போட்ட சில நிமிடங்களில் கடும் ஒவ்வாமை வரலாம். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது அதற்காகத்தான். அங்கே அதற்கான மருந்து தயாராக இருக்கும்.

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் குழந்தைக்கு இந்த ஊசியைப் போடமாட்டார்கள். இதில் இருப்பது உயிருள்ள வைரஸ். அந்தக் குழந்தையின் உடம்பில் அதை அடக்கும் வெள்ளைச் செல்கள் போதுமான அளவில் இருக்காது.

ஏன் ஒன்பது மாதம், ஏன் இரண்டு

உங்கள் வீட்டில் குட்டித் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களுடைய தடுப்பூசி அட்டையை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16இலிருந்து 24 மாதத்துக்குள் இன்னொன்று என்று இருக்கும். ரூபெல்லா என்பது வேறொரு வைரஸ். இரண்டையும் ஒரே ஊசியில் சேர்த்திருக்கிறார்கள்.

பிறந்த உடனே போட்டுவிடலாமே? முடியாது. காரணம் அம்மா. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அம்மாவின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாக அதன் ரத்தத்துக்கு வந்துவிடும். அம்மாவுக்குத் தட்டம்மை வந்திருந்தாலோ, அவர் ஊசி போட்டிருந்தாலோ, அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் சில மாதங்கள் கிடைக்கும். இது நல்லதுதான். ஆனால் அந்த எதிர்ப்பொருள்களுக்கு நோய் வைரஸ் எது, ஊசி வைரஸ் எது என்று தெரியாது. ஊசியில் வந்த பலவீனமான வைரஸையும் போய் ஒட்டி அடக்கிவிடும். குழந்தையின் சொந்த பி செல்கள் அதைப் பார்க்கும் முன்பே அது காணாமல் போய்விடும். ஞாபகம் உண்டாகாது.

அம்மா தந்த எதிர்ப்பொருள் மாதம் போகப் போகக் கரையும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே வேகத்தில் கரையாது. ஒன்பது மாதத்தில் 100 குழந்தைகளுக்கு ஊசி போட்டால் சுமார் 85 பேருக்குப் பாதுகாப்பு கிடைக்கும். இன்னும் காத்திருந்து ஒரு வயதுக்கு மேல் போட்டால் அதிகம் பேருக்குக் கிடைக்கும். ஆனால் காத்திருக்கும் அந்த மாதங்களில் நோயே வந்துவிட்டால்? தட்டம்மை அடிக்கடி பரவும் நாடுகளில் அதற்காகத்தான் ஒன்பது மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டாம் ஊசி, முதல் ஊசியின் பலத்தைக் கூட்டுவதற்கு என்று பெரியவர்களே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தட்டம்மையில் அதன் முதல் வேலை வேறு. முதல் ஊசி பலிக்காமல் போன அந்த 15 பேருக்கு இன்னொரு வாய்ப்புத் தருவது. அந்த 15 பேர் யார் என்று பார்த்தால் தெரியாது, ஆகவே 100 பேருக்கும் போடுகிறார்கள். இரண்டும் போட்ட பிறகு 100இல் ஏறத்தாழ 97 பேர் பாதுகாப்பு பெற்றிருப்பார்கள்.

நோயே வந்து போனால் என்ன?

ஃபாரோ முதியவர்களுக்கு நோய் வந்துதானே அந்த ஞாபகம் கிடைத்தது, நமக்கும் அப்படியே வந்துபோகட்டுமே என்று சிலர் சொல்வதுண்டு. இதற்கு விடை, தட்டம்மை வைரஸ் பிடிக்கும் செல்களிலேயே இருக்கிறது. அது வெள்ளைச் செல்களுக்குள் புகுந்து பெருகும் வைரஸ் என்று பார்த்தோம். அந்த வெள்ளைச் செல்களில் நினைவுச் செல்களும் உண்டு. சளி, நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று அந்தக் குழந்தையின் உடம்பு அதுவரை கற்று வைத்திருந்த வேறு வேறு கிருமிகளின் ஞாபகம் அவற்றில் இருக்கிறது. தட்டம்மை அவற்றையும் அழிக்கிறது.

நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை, தட்டம்மை வருவதற்கு முன்பும் வந்துபோன பின்பும் எடுத்து ஒப்பிட்டார்கள். 2019இல் முடிவு வெளியானது. பல்வேறு கிருமிகளுக்கு எதிராக அவர்களிடம் இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. தட்டம்மைக்கு எதிரான ஞாபகம் மட்டும் புதிதாக வந்திருந்தது. ஊசி போட்ட குழந்தைகளிடம் இப்படி ஓர் இழப்பைக் காணவில்லை. தட்டம்மை வந்து தேறிய குழந்தை அடுத்த மாதங்களில், ஏன் ஆண்டுகளில்கூட, மற்ற நோய்களால் அதிகமாக அவதிப்படுவதன் காரணம் இப்போது நமக்குத் தெரிகிறது.

வகுப்பறைக் கணக்கு

தட்டம்மை வந்தவர் இருமிவிட்டு அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் வைரஸ் மிதந்துகொண்டிருக்கும். யாருக்கும் பாதுகாப்பு இல்லாத ஊரில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். ஃபாரோ தீவில் அவ்வளவு வேகமாகப் பரவியதும் இதனால்தான்.

கணக்கை 15 என்று வைத்துக்கொள்வோம். தட்டம்மை வந்த ஒரு பிள்ளையிடமிருந்து 15 பேருக்கு வைரஸ் போய்ச் சேருகிறது. அந்த 15 பேரில் 10 பேருக்கு ஞாபகம் இருந்தால், மிச்சம் 5 பேருக்கு நோய் வரும். அந்த 5 பேரிடமிருந்து 25 பேருக்கு, 25இலிருந்து 125 பேருக்கு. 15இல் 14 பேருக்கு ஞாபகம் இருந்தால்? ஒருவருக்குத்தான் வரும். அவரிடமிருந்து இன்னொருவருக்கு. நோய் பெருகாது, நொண்டிக்கொண்டு போகும். 14ஐயும் தாண்டினால் சங்கிலி அறுந்துவிடும். 15இல் 14 என்பது 93 சதவீதம். 15க்குப் பதில் 18 என்று போட்டுப் பாருங்கள், 94 சதவீதத்துக்கு மேல் வரும். 95 சதவீதப் பேருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லும் எண் இப்படித்தான் பிறந்தது.

இந்த வைரஸ் மனிதர்களிடம் மட்டுமே தொடர்ந்து வாழ்கிறது. ஒளிந்துகொள்ள விலங்கு கிடையாது. சங்கிலி அறுந்தால் அந்த ஊரில் அது இல்லாமலே போய்விடும். அப்போது ஒன்பது மாதம் ஆகாத கைக்குழந்தையும், ஊசி போட முடியாத ரத்தப் புற்றுநோய்க் குழந்தையும் தப்பிப்பார்கள்.

மாநிலம் முழுவதும் சேர்த்து 95 சதவீதம் இருந்தால் போதுமா என்றால், போதாது. ஊசி போடாத மிச்சம் 5 சதவீதமும் சிதறி இருந்தால் சரி. எல்லோரும் ஒரே ஊரிலோ ஒரே பள்ளியிலோ இருந்தால், அந்த ஊர் 1846இன் ஃபாரோ தீவு மாதிரிதான். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி பள்ளியாகப் போய் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டது இப்படிப்பட்ட இடைவெளிகளை அடைக்கத்தான். உங்கள் அக்காவோ அண்ணனோ அதில் போட்டுக்கொண்டிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

குப்பியும் ஒட்டும் பட்டையும்

தட்டம்மைத் தடுப்பூசிக் குப்பிக்குள் இருப்பது உலர்ந்த பொடி. வைரஸை உறைய வைத்து, ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நீண்ட நாள் கெடாது. ஊசி போடுவதற்குச் சற்று முன்பு, அந்தக் குப்பியோடு தயாரிப்பாளர் அனுப்பிய நீரை மட்டும் கலந்து, வலது மேல் கையில் தோலுக்கு அடியில் அரை மில்லி போடுவார்கள். கலந்த பிறகு நான்கு மணி நேரம்தான். மிச்சம் இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். வைரஸ் சூட்டில் செத்துப்போகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த மருந்தில் பாக்டீரியாவைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை. கலந்து வைத்த குப்பியில் பாக்டீரியா புகுந்து பெருகினால் ஊசியே குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகும். உலகத்தின் சில இடங்களில் அப்படி நடந்தும் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் குப்பியைத் திறந்த நேரத்தை அதன் மேலேயே எழுதிவைப்பது இதற்காக.

குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். முதலில் சதுரம் வெளுப்பாக இருக்கும். வழியில் எங்காவது ஐஸ் பெட்டி சரியாக மூடாமல் சூடு பட்டிருந்தால் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைப் போடக் கூடாது. சூடு பட்டுச் செத்த வைரஸ் குழந்தைக்குத் தீங்கு செய்யாது, ஆனால் ஞாபகத்தையும் உண்டாக்காது. போட்டோம் என்று அட்டையில் இருக்கும், உடம்பில் இருக்காது. அது கண்ணுக்குத் தெரியாத தோல்வி.

இந்தச் சிக்கலுக்காகத்தான் இப்போது ஒரு புது முயற்சி நடக்கிறது. காசு அளவில் ஒரு சின்னப் பட்டை. அதன் ஒரு பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய முனைகள். உலர்ந்த தட்டம்மை-ரூபெல்லா வைரஸ் அந்த முனைகளிலேயே இருக்கும். மணிக்கட்டில் ஒட்டிச் சில நிமிடம் அழுத்தி வைத்தால் முனைகள் தோலுக்குள் கரைந்துவிடும். நீர் கலக்க வேண்டாம், நான்கு மணி நேரக் கணக்கு வேண்டாம், ஊசியும் வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கைக்குழந்தைகளுக்கு ஒட்டிப் பார்த்த முடிவு 2024இல் வெளிவந்தது. ஒன்பது மாதக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒரே பட்டையில் தட்டம்மைக்கு எதிர்ப்புப் பெற்றிருந்தார்கள். இனி ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்க வேண்டும், மலிவாக நிறையச் செய்யவும் முடிய வேண்டும். அந்த வேலைதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.